இலைத் தரம் பற்றிப் பத்து நிமிடம்: தமிழில் பேசவா, ஆங்கிலத்தில் பேசவா?

கோத்தகிரிவாசி | ஜனவரி 4, இரவு

எங்கள் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் உறுப்பினர் கூட்டம் இந்த மாதம் 25-ஆம் தேதி நடக்கிறது. இலைத் தரம் பற்றிப் பத்து நிமிடம் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. நான் அங்கே களப் பணியாளர். வருபவர்களில் பெரும்பாலோர் படகர்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்து இங்கே சிறு தோட்டம் வைத்த குடும்பங்களும் கொஞ்சம் உண்டு, எங்கள் வீட்டையும் சேர்த்து. முன்வரிசையில் வெளிமாநில அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது.

வீட்டில் தமிழ்தான். ஆனால் பள்ளி, கல்லூரி எல்லாம் ஆங்கில வழி. தேயிலை பற்றி நான் அறிந்ததெல்லாம் ஆங்கிலத்தில் படித்தது. கல்லூரி மேடையில் ஆங்கிலத்தில் தயங்காமல் பேசியிருக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தமிழில் பேச எழுந்தால் தொண்டை அடைக்கிறது.

என் கருத்து இது. பேசுகிறவருக்கு எந்த மொழி தைரியம் தருகிறதோ அதுவே கேட்பவருக்கும் நல்லது. நடுங்கும் தமிழைவிடத் தெளிவான ஆங்கிலம் மேல். நிர்வாகக் குழுவோ தமிழில்தான் பேச வேண்டும் என்கிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

மேடைப்பித்தன் | ஜனவரி 4, இரவு

இதில் கேள்வியே இல்லை, தமிழ்தான். ஒரு குறளோடு தொடங்குங்கள். அடுக்குமொழி இரண்டு இடத்தில் வரட்டும். அண்ணா பேசிய பேச்சுக்கு ஊரே திரண்டு நின்றது எதனால்? மொழியின் ஓசையால். நிமிடத்துக்கு 130 சொல் என்று கணக்கு வைத்து, பத்து நிமிடத்துக்கு 1300 சொல் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். கல்லூரி நாளில் நான் வாங்கிய பரிசெல்லாம் இப்படித்தான் வந்தது.

கோத்தகிரிவாசி | ஜனவரி 6

எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்த என் குறிப்பைத் தமிழாக்கி 1300 சொல்லுக்கு நிரப்பினேன். கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் படித்தால் பத்து நிமிடத்தில் முக்கால் பங்குகூட முடியவில்லை. நடுவில் தம்பி ஏதோ கேட்டான். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் எந்த வரியில் நின்றேன் என்று தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

பழைய மொழிபெயர்ப்பாளர் | ஜனவரி 6

குன்னூரிலும் கோத்தகிரியிலும் நற்செய்திக் கூட்டங்களில் ஆங்கிலப் பிரசங்கத்தை வரிக்கு வரி தமிழில் சொன்னவன் நான். தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகளில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் சொல்லியிருக்கிறேன். ஆகவே இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

நிமிடத்துக்கு 130 சொல் என்பது ஆங்கிலக் கணக்கு. தமிழில் வேற்றுமையும் காலமும் இடமும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு சொல்லும் நீளம். அதே எண்ணிக்கைக்கு நேரம் கூடுதலாகத்தான் ஆகும். சொல்லை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.

அண்ணாவைப் பற்றி மேடைப்பித்தன் சொன்னது பாதி சரி. 1962-இல் மாநிலங்களவையில் தன் கன்னிப் பேச்சை அவர் ஆங்கிலத்தில்தான் நிகழ்த்தினார். கடற்கரைக் கூட்டத்துக்கு அடுக்குமொழித் தமிழ், டெல்லி அவைக்கு வாதம் செய்யும் ஆங்கிலம். இரண்டும் அவருக்குக் கைவந்தவை. எது வேண்டும் என்பதை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து முடிவு செய்தார்.

இன்னும் பின்னால் போனால் 1907-இல் விபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் பேசியது ஆங்கிலத்தில். படித்தவர்களிடையே பெரிய எழுச்சி. அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசினார்கள். அந்த மாதங்களில்தான் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைநிறுத்தத்துக்குக் கூலியும் வேலை நேரமும் காரணம், பேச்சு மட்டும் அல்ல. ஆனாலும் அந்தத் தொழிலாளி தன் கூலியைப் பற்றி மேடையில் இருந்தவரோடு வாதாட முடிந்தது அவனுடைய மொழியில் பேசியதால்தான்.

இப்போது உங்கள் விஷயம். தைரியம் தரும் மொழி என்கிறீர்கள். எப்போது தரும் தைரியம்? எழுதி வைத்ததைச் சொல்லும்போது எந்த மொழியும் தைரியம் தரும். ஓர் இடத்தில் அறுந்துபோனால், அங்கிருந்து எந்த மொழியில் மீண்டு வருகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரு சோதனை செய்யுங்கள். தாள் இல்லாமல் பேசுங்கள். பாதியில் யாராவது குறுக்கே ஒரு கேள்வி கேட்கட்டும். பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இரண்டு மொழியிலும் செய்து பாருங்கள்.

ஊட்டி அப்பா | ஜனவரி 7

நல்ல விவாதம். என் மகன் ஆறாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி வைக்கிறார்கள், தமிழ்ப் போட்டி வைப்பதில்லை. அவனை எந்த வழிப் பள்ளியில் தொடர்வது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய மொழிபெயர்ப்பாளர் | ஜனவரி 7

ஐயா, அது வேறு கேள்வி, தனி இழையில் கேளுங்கள். ஒன்று மட்டும் இங்கேயே சொல்லலாம். போட்டி மேடையில் யாரும் குறுக்கே கேள்வி கேட்பதில்லை. அங்கே வாங்கிய பரிசை வைத்து, நாளை அவனால் கூட்டத்தில் பேச முடியுமா என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கோத்தகிரிவாசி | ஜனவரி 9, பின்னிரவு

சோதனையைச் செய்தேன். குறுக்கே கேட்டது தம்பி.

ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு போனது. கேள்வி வந்தது, பதிலும் சொன்னேன். திரும்பும்போது பத்தியின் முதல் வரிக்குத்தான் போக முடிந்தது. அந்த வரி இல்லாமல் அடுத்த வரி வருவதில்லை. ஒரு சொல் நினைவுக்கு வராதபோது அதைச் சுற்றிக்கொண்டு போகவும் வழி இல்லை, நின்றுவிட்டேன்.

தமிழில் தொடக்கமே திக்கியது. படித்த சொல்லுக்கெல்லாம் தமிழ்ச் சொல் உடனே வரவில்லை. ஆனால் கேள்வி வந்தபின் பேச்சு தடம் மாறவில்லை. தம்பி கேட்டதிலிருந்தே அடுத்த விஷயத்துக்குப் போனேன், வரிசை மாறியும் ஒன்றும் கெடவில்லை.

எண்கள் மட்டும் இடித்தன. அறுபத்தைந்து வந்துவிடுகிறது. எழுபத்தொன்பதும் எண்பத்தொன்பதும் வரும்போது ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கில வழியில் படித்த பலருக்கும் இது இருக்கும்.

இன்னொன்றும் புரிந்தது. தொண்டை அடைத்தது மொழியால் என்று எண்ணியிருந்தேன். கூட்டத்தில் இருப்பவர்கள் என் அப்பாவை அறிந்தவர்கள், நான் தவழ்ந்ததைப் பார்த்தவர்கள். தமிழில் பேசும்போது நான் இன்னாருடைய மகள். ஆங்கிலத்தில் பேசும்போது வெறும் பேச்சாளர். தைரியம் என்று நான் நினைத்தது இந்த விலகலைத்தானோ?

கூடலூர் செவிலி | ஜனவரி 10

அந்த விலகல் எனக்கு வேண்டியதாக இருந்தது, தங்கை. பெண்களுக்கான உடல்நலக் கூட்டங்களில் கர்ப்பத்தடை, வெள்ளைப்படுதல் பற்றியெல்லாம் பேச வேண்டும். உடலுறுப்புகளின் பெயரைத் தமிழில் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலச் சொல் போட்டால் கூச்சமில்லாமல் வரும். அதனால் பல காலம் ஆங்கிலச் சொற்களைக் கலந்தே பேசினேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். கூட்டம் முடிந்தபின் ஒருத்தி தனியாக வந்து, நீங்கள் சொன்ன மாத்திரை எதற்கு என்று கேட்பாள். ஒரு மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

இப்போது பெண்கள் தங்களுக்குள் சொல்லும் சொல் எது என்று முதலில் வயதான ஒருவரிடம் கேட்டுக்கொள்கிறேன். கூச்சம் போகவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சொன்னபின் கேள்விகள் வருகின்றன.

பழைய மொழிபெயர்ப்பாளர் | ஜனவரி 10

செவிலி அம்மா சொல்வதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னால் ஆங்கிலம் கற்றவர்களுக்குக் கூச்சமான சொற்களையும், சிறுபிள்ளைகளை அதட்டும் சொற்களையும் இரண்டு மொழியிலும் கொடுத்து, தோலின் மின்கடத்தலை அளந்தார்கள். தாய்மொழியில் உடல் அதிகமாகச் சிலிர்த்தது. அதட்டலில் வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. பிறமொழி நம்மை ஓர் எட்டு தள்ளி நிறுத்துகிறது.

தள்ளி நிற்பது சில இடங்களில் உதவும். அதிகாரியிடம் கோபம் இல்லாமல் குறை சொல்ல எனக்கு ஆங்கிலம் உதவியிருக்கிறது. ஆனால் கூட்டத்தை அப்படித் தள்ளி நிறுத்தினால் அவர்களும் நம்மைத் தள்ளியே வைப்பார்கள்.

ஹட்டிக்காரர் | ஜனவரி 11

நான் இலை போடுகிறவன். இரண்டு ஏக்கர். இப்படிப்பட்ட கூட்டங்களில் பல ஆண்டுகளாக உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முன்பு ஒருவர் வந்து திரையில் படம் படமாகக் காட்டி ஆங்கிலத்தில் பேசினார். நல்ல மனிதர், நன்றாகத்தான் பேசியிருப்பார். கைதட்டினோம், வடையும் டீயும் சாப்பிட்டோம், வந்துவிட்டோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி இல்லாததால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று அவர் எழுதிக்கொண்டு போயிருப்பார்.

குறளும் அடுக்குமொழியும் வேண்டாம், அம்மா. கொழுந்தாக எடுத்தால் எனக்கு எத்தனை ரூபாய், முற்றிய இலையைக் கொடுத்தால் எத்தனை ரூபாய், அதைச் சொல். அதற்குப் பிறகு நீ எந்த மொழியில் பேசினாலும் காது கொடுப்போம்.

மேடைப்பித்தன் | ஜனவரி 11

பெரியவரே, ஓசைக்கும் இடம் உண்டு. வெறும் கணக்கை அரை மணி நேரம் யார் கேட்பார்கள்?

ஹட்டிக்காரர் | ஜனவரி 11

என் பணத்தின் கணக்கு என்றால் ஒரு மணி நேரமும் கேட்பேன்.

கோத்தகிரிவாசி | ஜனவரி 13

பழைய குறிப்பை ஒதுக்கிவிட்டேன். தமிழாக்கியதில்தான் கோளாறு இருந்தது. அதில் இருந்த ஒரு வாக்கியம்: "கடந்த பருவத்தில் ஏலத்தில் கிடைத்த சராசரி விலை, கொள்முதல் செய்யப்பட்ட பசுந்தேயிலையில் முற்றிய இலையின் விகிதம் அதிகரித்ததன் காரணமாக, எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது." எல்லாம் தமிழ்ச் சொல்தான், ஆனால் இப்படி யார் பேசுகிறார்கள்? இப்போது: "முற்றிய இலை கூடியது. தூளின் தரம் இறங்கியது. ஏலத்தில் விலை விழுந்தது."

எழுதாமல், முதலில் அம்மாவிடம் வாயால் சொன்னேன். அம்மா கொழுந்து பறித்தவர். அவர் புருவத்தைச் சுருக்கிய இடங்களையெல்லாம் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்து, நின்றதைக் குறித்துக்கொண்டேன். குறிப்பு இப்போது ஒரு சிறு அட்டையில் அடங்கிவிட்டது. அதில் முழு வாக்கியம் எதுவும் இல்லை.

நடுவில் வருவது பெரியவர் கேட்ட கணக்கு. விலைப் பகிர்வில் விவசாயிக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு. ஏலத்தில் தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். அதில் 65 ரூபாய் இலை கொடுத்தவருக்கு. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய 4 கிலோ இலை வேண்டும். ஆக, ஒரு கிலோ இலைக்கு 16 ரூபாய் 25 காசு. முற்றிய இலை சேர்ந்து தூளின் விலை 85-க்கு இறங்கினால், இலைக்கு ஏறக்குறைய 13 ரூபாய் 80 காசுதான் நிற்கும். மாதம் 1000 கிலோ போடுகிறவருக்கு 2400 ரூபாய்க்கு மேல் இழப்பு. உண்மைக் கணக்கில் ஈரக் கழிவு போன்றவையும் உண்டு. பேச்சுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

அதிகாரிக்கு என்ன செய்வது என்பதுதான் மிச்சம். வரிக்கு வரி ஆங்கிலத்திலும் சொல்லிவிடவா?

பழைய மொழிபெயர்ப்பாளர் | ஜனவரி 13

வேண்டாம். வரிக்கு வரி சொன்னால் பத்து நிமிடப் பேச்சில் ஐந்து நிமிடம்தான் உங்களுடையது. ஒருவருக்காக அத்தனை பேரும் பாதி நேரம் காத்திருப்பார்கள். அந்த இடைவெளியில் பின்வரிசை பேசத் தொடங்கிவிடும், பிறகு பிடிக்க முடியாது.

ஓர் ஆளுக்கு என்றால் காதோடு சொல்லும் முறைதான் பொருத்தம். ஆங்கிலம் தெரிந்த ஒருவரை அவருக்குச் சற்றுப் பின்னால், தோளோரமாக உட்கார வையுங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார வைத்தால் இவர் சொல்வது அவர் காதில் விழாது. கணக்கை ஒரு பக்க ஆங்கிலத் தாளில் எழுதி முன்பே இருவருக்கும் கொடுத்துவிடுங்கள். காதோடு சொல்லும்போது முதலில் தவறுவது எண்கள்தான்.

இன்னொரு காரியம் உங்கள் கையில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஏறியதா, இறங்கியதா, செய்ய வேண்டுமா, கூடாதா என்பது வாக்கியம் முடியும்போதுதான் தெரியும். வாக்கியம் நீளமானால் காதோடு சொல்கிறவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார், அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். இப்போது நீங்கள் வெட்டி வைத்த மூன்று சிறு வாக்கியங்கள் விவசாயிக்கு மட்டும் அல்ல, அவருக்கும் உதவும்.

அதிகாரி ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், முதலில் அந்தக் கேள்வியைத் தமிழில் கூட்டத்துக்குச் சொல்லுங்கள். பதிலையும் தமிழில் சொல்லுங்கள். அதன்பின் அவருக்கு ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னால் போதும். நேரே ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கினால் இருவர் உரையாடலாகிவிடும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

கூடலூர் செவிலி | ஜனவரி 14

எண்ணைச் சொல்லும்போது கரும்பலகையில் எழுதுங்கள். எழுத்து எந்த மொழியானால் என்ன, 16.25 எல்லாருக்கும் ஒன்றுதான்.

கோத்தகிரிவாசி | ஜனவரி 15

வணக்கத்தைப் படகு மொழியில் சொல்லலாமா என்று ஓர் எண்ணம். எனக்குப் பேச வராது, கேட்டால் புரியும்.

ஹட்டிக்காரர் | ஜனவரி 15

வேண்டாம் என்பேன். ஒரு வரி படகில் சொல்லிவிட்டு மிச்சத்தைத் தமிழில் பேசினால், அந்த வரி ஓட்டுக் கேட்க வருகிறவர் சொல்வது போல இருக்கும். எங்களுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அதற்குப் பதில், கணக்கைச் சொன்னபின் ஒரு நிமிடம் பேசாமல் நில். நாங்கள் பக்கத்தில் இருப்பவரோடு படகில் பேசிக்கொள்வோம். அதைச் சத்தம் என்று நினைத்து அடக்காதே. கேள்வி அங்கேதான் உருவாகும்.

கூடலூர் செவிலி | ஜனவரி 15

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பணியர் குடியிருப்புகளுக்குப் போகும்போது அவர்கள் மொழியில் நாலு சொல் தப்பும் தவறுமாகச் சொல்வேன். அவர்கள் திருத்துவார்கள், அதிலேயே பேச்சு தொடங்கிவிடும்.

ஹட்டிக்காரர் | ஜனவரி 16

வீட்டு வாசலில் அது சரி. ஒலிபெருக்கியில் அது வேறு.

கோத்தகிரிவாசி | ஜனவரி 25, இரவு

கூட்டம் முடிந்தது. வணக்கம் தமிழில்தான். முதல் சில வாக்கியங்கள் மேடைத் தமிழாக வந்தன, கணக்கு வந்ததும் வீட்டில் பேசுவது போல ஆகிவிட்டது. பலகையில் 16.25-ஐயும் 13.80-ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு நின்றேன். பெரியவர் சொன்னது போலவே சலசலப்பு எழுந்தது. மேடையிலிருந்த ஒருவர் அமைதி, அமைதி என்று சொல்லப்போனார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

முதல் கேள்வி ஒரு வயதானவருடையது. "பறிக்க ஆள் இல்லை. கத்திரி வைத்து வெட்டுகிறோம். கத்திரிக்குக் கொழுந்து எது, முற்றியது எது என்று தெரியுமா?" அட்டையில் இதற்குப் பதில் இல்லை. ஆங்கிலமாக இருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். கத்திரியை விடச் சொல்லவில்லை, பறிப்புச் சுற்றைத் தள்ளிப்போட வேண்டாம் என்றேன். நாள் தள்ளிப்போனால் இலை முற்றும், கத்திரி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். செடியின் மேல்மட்டத்துக்குக் கீழே கத்திரியை இறக்காமல் வெட்டினால் பழைய இலை கொஞ்சமாவது தப்பும். ஆள் தட்டுப்பாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை, அதையும் அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அதன்பின் கேள்விகள் வரிசையாக வந்தன.

அதிகாரி, தரம் பிரித்து வாங்கினால் கூடுதல் விலை கொடுக்கத் தொழிற்சாலை தயாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதைத் தமிழில் சொன்ன உடனே, நான் பதில் சொல்லும் முன்பே நாலு பேர் எழுந்துவிட்டார்கள். அவர்கள் மனதில் இருந்த கேள்வியும் அதுதான். நிர்வாகக் குழுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மேடைப்பித்தன் | ஜனவரி 26

வாழ்த்துகள். அந்த முதல் சில வாக்கியங்களாவது மேடைத் தமிழாக இருந்ததே. அது இல்லாமல் நேரே வீட்டுப் பேச்சில் தொடங்கியிருந்தால் பெரியவர்கள் மதித்திருப்பார்களா என்று எனக்கு இப்போதும் சந்தேகம்.

பழைய மொழிபெயர்ப்பாளர் | ஜனவரி 26

அதில் தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது. நம் மேடையில் எழுந்து நிற்பதற்கே ஒரு தமிழ் உண்டு. அது இல்லாவிட்டால் அவையை அலட்சியம் செய்ததாக எடுத்துக்கொள்வார்கள். எந்த இடத்தில் அதிலிருந்து இறங்குவது என்பதை மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். இவருக்குக் கணக்கு அந்த இடமாக அமைந்தது.

காதோடு சொன்னவர் எப்படிச் சமாளித்தார்?

கோத்தகிரிவாசி | ஜனவரி 27

பேச்சு முழுவதும் தடையில்லாமல் சொன்னார். கேள்வி நேரத்தில் திணறிவிட்டார். கேட்டவர்கள் பாதி படகிலும் பாதி தமிழிலும் கேட்டார்கள், அவருக்குப் படகு தெரியாது. அடுத்த முறை படகு தெரிந்த ஒருவரை உட்கார வைக்க வேண்டும்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். பறிப்பவர்களோ பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து டீ கொடுக்கும் இடத்தில் என்னைச் சூழ்ந்துகொண்டு சரமாரியாகக் கேட்டார்கள், அதுவும் படகில். இவர்கள் மேடைக்கு எதிரில் வாய் திறக்காதது மொழியாலா, ஆண்கள் இருந்ததாலா, ஒலிபெருக்கியாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கூடலூர் செவிலி | ஜனவரி 27

மூன்றும்தான். அவர்களைத் தனியாக, ஒலிபெருக்கி இல்லாமல், வட்டமாக உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள். எது காரணம் என்று அப்போது கொஞ்சம் தெரியும்.

ஹட்டிக்காரர் | ஜனவரி 28

எங்கள் ஹட்டியில் செய்யலாம். ஆனால் நீ பேசாதே. என் தங்கை பறிப்பதில் கெட்டிக்காரி, கணக்கும் வரும். அவளுக்கு அந்த 16.25 கணக்கைச் சொல்லிக்கொடு, அவள் படகில் சொல்லட்டும்.

கோத்தகிரிவாசி | ஜனவரி 28

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பலகையை நான் கொண்டு வருகிறேன், சுண்ணக்கட்டி அக்கா கையில் இருக்கட்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.